நாலு ஆகாது

இப்போதெல்லாம் ஸ்கூட்டருக்குப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் பூட்டி, பிரேக்கைக் கைக்கு மாற்றி, கடையிலேயே தயாராக விற்கிறார்கள். அபர்தீன் பஜாரில் ஒரு பையன் அப்படி ஒரு வண்டியில் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஏற்றத்தில் போகிறான். எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை பாதி. ஒரு கையால் ஓட்டுகிறானே என்ற பயம் பாதி.

எனக்கு வலது கால் இளம்பிள்ளை வாதத்தில் போனது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அரசு எழுத்தர் வேலையில் அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்தபோது கக்கத்தில் ஒரு கட்டை, காலில் ஓர் இரும்புச் சட்டம். வேலை உட்கார்ந்து செய்வதுதான். அலுவலகத்துக்குப் போவதுதான் பாடு. ஷாதிபூரில் வீடு. இந்த ஊரில் சமதரை என்று ஒன்றைக் கடவுள் வைக்கவில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஏற்றம் ஐந்து, இறக்கம் நான்கு. திரும்பும்போது ஏற்றம் நான்குதானே என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். இறக்கம் ஐந்து என்பதை அவர் மறந்துவிட்டார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது.

ஏற்றத்தில் என் மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். இறக்கத்தில் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாள். காலையில் என்னை விட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பாள், மாலையில் மறுபடி வருவாள். மழைக்காலம் இங்கே எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கை வண்டியிலும் ஒரு கை குடையிலுமாக வருவாள். குடை என் தலைக்கு மேல்தான் இருக்கும்.

அதைப்பற்றி அவள் குறைப்பட்டதில்லை. என் குறை வேறு. சாலையில் போகும்போது எனக்கு அவள் முகம் தெரியாது. மற்றப் புருஷன் பெண்சாதிகள் கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போவார்கள். எங்கள் பேச்செல்லாம் முன்னும் பின்னுமாகவே நடந்தது. நான் ஏதாவது வேடிக்கை சொன்னால் அவள் சிரித்தாளா இல்லையா என்பதை மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்றத்தில் அதுவும் முடியாது. எல்லா மூச்சும் ஒரே மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் போய் உட்கார வேண்டும். வந்த புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு லாரியில் ஒருமுறை போய் வந்திருக்கிறாள். "கடலை ஒட்டியே ரோடு போவுதுங்க. வளைவுக்கு வளைவு கடல் மாறிக்கிட்டே இருக்கும். நீங்க பாத்தா எண்ணிக்கிட்டே வருவீங்க" என்றாள். அவ்வளவு தூரம் என்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸின் படி என் இடுப்பு உயரம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மாற்றலாகி மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய ஒருவர் தம் பழைய ஸ்கூட்டரை எனக்கு விட்டுப்போனார். கப்பலேற அவருக்கு இருந்த அவசரத்தைவிட அதை வாங்கிக்கொள்ள எனக்குத்தான் அவசரம். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஸ்கூட்டரில் கிளட்ச் இடது கையில், கியர் அதே இடது கைப்பிடியைத் திருகுவதில், ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில். காலுக்கு இரண்டே வேலை. ஒன்று கிளப்புவதற்கு உதைப்பது, மற்றது பின் பிரேக்கை அமுக்குவது. இரண்டும் வலது காலுக்கு. இந்த இரண்டையும் கைக்கு மாற்றி, வண்டி சாயாமல் நிற்க ஏதாவது செய்துவிட்டால், காருக்குக்கூட இல்லாத வசதி இதில் இருக்கிறது.

எங்கள் தெரு முனையில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த தமிழர் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். தம் திறமையில் அவருக்கு ரொம்ப நம்பிக்கை.

"அண்ணாச்சி, ரங்கூன்ல நான் லாரிக்கே கை மாத்திக் குடுத்தவன். இது என்ன, ஆட்டுக்குட்டி" என்றார்.

உதைக்கும் கம்பியில் குழாய் சொருகி நீட்டி, உட்கார்ந்தபடியே கையால் அமுக்கிக் கிளப்பும்படி செய்தார். பின் பிரேக்குக்கு, கழித்துப்போட்ட ஜீப் ஒன்றின் கை பிரேக்கைக் கொண்டுவந்து இருக்கைக்கு வலப்பக்கம் பொருத்தினார். இழுத்தால் பல்லில் மாட்டி நிற்கும், பொத்தானை அமுக்கினால் விடும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறிய சக்கரம். பின் இருக்கை அப்படியே இருந்தது. அதில் அவள் உட்காருவாள். அங்கேயும் எனக்குப் பின்னால்தான், ஆனாலும் தள்ள வேண்டியதில்லையே.

அதன்பின் லைசென்ஸ். மோட்டார் வண்டிகளைக் கவனித்த அதிகாரி வங்காளி. இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசுவார். எனக்கு ஆங்கிலம் வரும். இந்தி அப்போது காது வரை வந்து நின்றுவிடும். மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதிகாரி நல்ல மனிதர், கட்டையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஊனமுற்றவருக்கான வண்டி என்று சட்டத்தில் தனி வகையே இருக்கிறது, அதற்கு லைசென்ஸ் எளிதாகக் கிடைக்கும் என்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டி ஆங்கிலத்தில் ஒரு வரியை வாசித்துக் காட்டினார். அந்த வண்டி ஊனமுற்றவருக்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வேறு வண்டியை மாற்றி அமைத்ததாக இருந்தால் மட்டும் போதாது. எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. அப்புறம், அதை அவர் மட்டுமே, அவருக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

"அவருக்காக மட்டும் என்றால்? என் மனைவியை ஏற்றக் கூடாதா?"

"கூடாது. மனைவிக்கு ஊனமா?"

"இல்லை."

"அப்படியானால் கூடாது."

ஏற்கெனவே என்னிடம் இருந்த கைச்சைக்கிளில் நான் மட்டும்தானே போகிறேன், இதிலும் அப்படியே போவதற்கு எதற்கு இந்தப் பாடு என்று சொன்னேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. இன்னொரு வழி உண்டு என்றார். சாதாரண மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கே விண்ணப்பிக்கலாம். உடற்குறை இருந்தால் மறுப்பதுதான் வழக்கம். ஆனால், வலிப்பு, பார்வைக் குறைவு போன்ற நோய்கள் இல்லாதவர், 'இன்ன விதமாக அமைத்த வண்டியை என்னால் ஓட்ட முடியும், சோதித்துப் பாருங்கள்' என்று கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சோதனையில் தேறினால் அந்த வண்டிக்கு லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு அந்த நாற்காலியிலேயே கடற்கரை தெரிந்துவிட்டது.

வண்டியைப் பார்க்கலாம் என்று வாசலுக்கு வந்தார். சுற்றி வந்தார். குனிந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் தட்டினார். நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

"சார் நஹி சலேகா."

அதற்குள் ஹாடோ துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டது, லாரிகளைச் சோதிக்க வேண்டும் என்று ஜீப் வந்து நின்றது. அவர் ஏறிப் போய்விட்டார்.

'நஹி சலேகா' என்றால் நடக்காது என்ற அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். டீக்கடையிலிருந்து மெக்கானிக் வந்ததும் சொன்னேன்.

"முடியாதுன்னுட்டார். ஆனா மரியாதையா சொன்னார். என்னைப் போய் சார்ன்னார்."

"அம்புட்டுப் பெரிய ஆபீசர் உங்கள சார்ன்னாரா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாச்சி. திட்டுற ஆபீசரக்கூடக் காலப் புடிச்சு மாத்திரலாம். மரியாதையா சொல்றவன் முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம்."

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. வண்டியை அவர் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் நிறுத்திச் சாக்குப் போட்டு மூடினோம். மறுநாளிலிருந்து மறுபடியும் ஐந்து ஏற்றம், நான்கு இறக்கம். முடியாது என்றுவிட்டார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன், நடந்ததை விவரமாகச் சொல்லவில்லை. பருவமழை தொடங்கி ஊர் முழுவதும் ஊறிப்போயிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சாக்கு மூட்டையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் ஏற்றத்தின் பாதியில் மூச்சு வாங்க நின்றோம். அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்த ஆபீசர் அன்னிக்கு என்னதாங்க சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"இந்தியில சொன்னார். சார் நஹி சலேகான்னார்."

பிறகு வண்டி குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திரும்ப முயன்றேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார்னா நாலுங்க! ஏக், தோ, தீன், சார்! சந்தையில கத்திரிக்கா எண்ணிப் போடுறப்ப வங்காளத்தம்மா தெனமும் சொல்லுதே. பி.ஏ. படிச்சிருக்கீங்க, கத்திரிக்கா வாங்கத் தெரியலையே!"

நாலு ஆகாது. அவர் பேனாவால் தட்டித் தட்டி எண்ணியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதையும் எண்ணிப் பார்க்கிறவன் நான். அவர் எண்ணுவதை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சக்கரம் இரண்டு, சின்னச் சக்கரம் இரண்டு. அன்றைய சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் நான்குக்குக் குறைவான சக்கரம் என்று இருந்தது. எங்கள் வண்டி ஊனமுற்றவருக்கென்றே கட்டியதும் அல்ல, மோட்டார் சைக்கிளும் அல்ல. சாயாமல் நிற்கட்டும் என்று பூட்டிய சக்கரத்தால் அது எதுவுமே இல்லாமல் போயிருந்தது.

"நாலு ஆகாதுன்னா மூணு ஆகும்ல?" என்றாள்.

"மூணுன்னா ஒரு பக்கம் சாயும்."

"ஏன் சாயுது? நேவிக்காரங்க மோட்டார் சைக்கிள்ல பக்கத்துல தொட்டி மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்கல்ல, அது சாயுதா? ஒரு பக்கம் மட்டும் சக்கரத்தப் பெரிசா, தள்ளி வச்சு, மேல ஒரு பெட்டி." குடையைக் கை மாற்றினாள். "அதுல நான் ஒக்காந்துக்குவேன். உங்களுக்குப் பக்கத்துல."

அந்த மழையில், பாதி ஏற்றத்தில், முடிந்தவரை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பின் இருக்கைக்குத்தான் நான் இத்தனை நாளும் ஏங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே அதிகாரியிடம் போனேன். சைடு கார் பூட்டினால் மூன்று சக்கரம், அது மோட்டார் சைக்கிள்தான் என்றார். "அன்றைக்கே சொன்னேனே" என்றும் கேட்டார். அவர் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், டாக்டர் சான்று வேண்டும், லைசென்ஸ் கிடைக்கும்வரை சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை மாட்டிப் பழக வேண்டும், அதுவரை மனைவியை ஏற்றக் கூடாது என்றார்.

மெக்கானிக் சின்னச் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இடப்பக்கம் இரும்புச் சட்டமும் பலகைப் பெட்டியுமாக சைடு கார் கட்டினார். மெத்தையை மதினியின் உயரத்துக்குத்தான் தைத்திருக்கிறேன் என்றார்.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டு சங்கடங்கள் வந்தன.

முதலாவது, ஏற்றத்தில் நின்று கிளம்புவது. கால் இருப்பவன் வலது காலால் பின் பிரேக்கை அமுக்கிக்கொண்டு, இடது கையால் கிளட்சை விட்டு, வலது கையால் வேகம் கொடுப்பான். எனக்குப் பின் பிரேக்கும் வலது கைதான். ஜீப் லீவரை விடுவிக்கக் கையை எடுத்தால் வேகம் கொடுக்க ஆளில்லை, வேகம் கொடுத்தால் லீவரை விட ஆளில்லை. வண்டி பின்னால் உருண்டு போய் ஒரு வேலியில் உட்கார்ந்தது.

மெக்கானிக் ஓடி வந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு மூணாவது கை வேணும்" என்றார்.

"லாரிக்கே கை மாத்தினேன்னீங்க?"

"அந்த ஊரு சமதரை அண்ணாச்சி."

பிறகு, பின் பிரேக்கின் கம்பியை வலது கைப்பிடியின் பிரேக்கோடு சேர்த்தே இழுபடும்படி இணைத்தார். இரண்டு விரல் பிரேக்கைப் பிடித்திருக்க, உள்ளங்கை ஆக்ஸிலரேட்டரைத் திருகும். கிளட்ச் பிடிக்கும்போது விரல்களைத் தளர்த்தினால் போதும். ஜீப் லீவர், நிறுத்தி வைப்பதற்கு மட்டும் என்று ஆனது. விரல்கள் தழும்பேறும்வரை பழகினேன்.

இரண்டாவது, இடப்பக்க வளைவு. பெட்டி காலியாக இருந்தால், இடது பக்கம் திரும்பும்போது அதன் சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது. உள்ளே கனம் இருக்க வேண்டும். அவளை ஏற்றவோ அனுமதியில்லை. அவள் கனத்துக்குச் சமமாக ஏதாவது வைத்துப் பழகலாம் என்று நான் சொன்னேன். எவ்வளவு கனம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றாள். கடைசியில் பஜாரில் கொப்பரை மண்டி வைத்திருந்த கீழக்கரைப் பாயின் மேடைத் தராசில் ஏறினாள்.

பாய் முள்ளைப் பார்த்துவிட்டு, "ஒரு மூட்டைக்கும் கம்மிதான் தங்கச்சி. மாப்ளே, என்ன சோறு போடுறீங்க?" என்றார்.

உரிக்காத தேங்காய் முப்பத்தாறு வைத்தபோது தராசு சமமானது. அந்த முப்பத்தாறு தேங்காயையும் சாக்கில் கட்டி அவளுடைய மெத்தையில் உட்கார வைத்து, ஷாதிபூரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் வாசலில் நின்று பார்ப்பாள்.

"அவளத்தான் ஜோரா ஏத்திக்கிட்டுத் திரியுறீங்க."

"அவ வாயைத் திறக்கிறதில்லை. நிம்மதியா இருக்கு."

"இருங்க, துவையல் அரைச்சுடறேன் அவள."

டாக்டர் என் கைகளின் வலுவையும் கண்களையும் பார்த்துச் சான்று தந்தார். சோதனைக்கு அதிகாரி ஜீப்பில் பின்னால் வந்தார். கிளம்புமுன் சாக்கைக் காட்டி, "யே கோன் ஹை?" என்றார்.

இந்த முறை புரிந்தது, இது யார் என்கிறார். "மேரி பீவி" என்றேன். என் மனைவி. என் இந்தியில் அவ்வளவுதான் வந்தது. ஜீப் டிரைவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்து சிரித்தார். அதிகாரி சிரிக்காமல் சாக்கைத் தூக்கிப் பார்க்க முயன்று, விட்டுவிட்டு, "அச்சா பீவி ஹை" என்றார். நல்ல மனைவி.

கைச் சைகைகள், திரும்புதல், நிறுத்துதல் எல்லாம் ஆனது. கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தின் நடுவே நிறுத்தச் சொன்னார். அவள் மழையில் நின்று மூச்சு வாங்கிய அதே ஏற்றம். அவர் இறங்கி வந்து, பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை விரல் அளவு பின்னால் தம் தீப்பெட்டியை வைத்தார். கிளம்பும்போது அது நசுங்கக் கூடாது என்றார்.

இரண்டு விரல் பிரேக்கில். உள்ளங்கையைத் திருகினேன். கிளட்ச் பிடித்து வண்டி முன்னே முக்கியது. விரல்களை விட்டேன். மேலே போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி தீப்பெட்டியை எடுத்து, அதிலேயே ஒரு குச்சி கிழித்துச் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸில் நிபந்தனை எழுதியிருந்தது. இடப்பக்கம் சைடு கார் பூட்டிய, பிரேக்குகள் கையால் இயங்கும்படி அமைத்த மோட்டார் சைக்கிள் மட்டும். வேறு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கார்பின்ஸ் கோவுக்குப் போனோம். மழை விட்டிருந்தது. தேங்காய்களை இறக்கிவிட்டு அவள் ஏறினாள். கடல் பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். பார்க்கத்தானே இத்தனையும். அவள் முடி காற்றில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லாமலே சிரித்தாள்.

"ரோட்டப் பாருங்க!" என்று என் தொடையில் அடித்தாள். அதன்பின் வழியெல்லாம் அதையேதான் சொன்னாள். இடது பக்கம் திரும்பும் வளைவுகளை நான் எண்ணினேன். பதினொன்று. ஒன்றில்கூடச் சக்கரம் எழும்பவில்லை.

பல ஆண்டுகள் போனோம். கடைசி இரண்டு ஆண்டு அவளால் பெட்டிக்குள் ஏறி இறங்க முடியாமல், நான் மட்டும் மருந்து வாங்கப் போய் வந்தேன். பிறகு அந்த வேலையும் இல்லாமல் போனது.

அவள் காரியங்கள் முடிந்தபின் மெக்கானிக் வந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. "அண்ணாச்சி, அந்தப் பெட்டியக் கழட்டிரவா? பாக்குறதுக்குக் கஷ்டமா இருக்கும். ரெண்டு சின்னச் சக்கரம் போட்டுத் தரேன். இப்பல்லாம் கேக்க மாட்டாங்க" என்றார்.

லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். சைடு கார் பூட்டியது மட்டும்.

அதை வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சட்டம்னா சட்டந்தான்" என்று எழுந்து போனார்.

அடுத்த நாள் கொப்பரை மண்டிக்கு ஆளனுப்பினேன். பாயின் மகன் கடையில் இருந்தான். எத்தனை தேங்காய் என்று கேட்டான். கடைசியில் அவள் மெலிந்துபோயிருந்தாள், அத்தனை வேண்டியிருக்காது. ஆனாலும் முப்பத்தாறே போடச் சொன்னேன். அவற்றை மெத்தையில் வைத்துக் கட்டிக்கொண்டு கார்பின்ஸ் கோவ் சாலையில் போனேன். பதினொரு வளைவிலும் சக்கரம் தரையிலேயே இருந்தது. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.